சாப்பாட்டு மேசை, நாற்காலிகள் இல்லை

“டைனிங் டேபிள் விற்பனைக்கு. நல்ல கண்டிஷன். வேண்டியவர்கள் அழைக்கவும்.” சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வாட்சாப் குழுவில் இப்படி அடிக்கடி ஒன்று வந்து விழும். கூடவே ஒரு படம். மேசைமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழத்தட்டு, சுற்றி ஆறு நாற்காலி. விரிப்புக்குக் கீழே பலகை எப்படி இருக்கிறது, நாற்காலியும் சேர்த்தா, என்ன மரம், எத்தனை அடி, யார் தூக்கிப்போக வேண்டும் என்று எதுவுமே இருக்காது. அதற்குக் கீழே இருபது பேர் “இன்னும் இருக்கா?” என்று கேட்டிருப்பார்கள். வாங்க வந்தவர் விரிப்பை நீக்கிப் பார்த்து முகம் சுளிப்பார், அல்லது மேசை அவர் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் காரணம் எழுதாமல் விட்ட நாலு வரிதான்.

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனபின் அவர் கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். கட்டிலும் சக்கர நாற்காலியும் வந்தபின் சாப்பாட்டு மேசைக்கு இடமில்லை. நாற்காலிகளைத் தம்பி கொண்டுபோய்விட்டான். மேசை மட்டும் மிஞ்சியது. அதை விற்க நான் எழுதிய விளம்பரத்தையும், அதில் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி வந்தது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தின மாதத்தில் பழைய தளவாடம் கைமாறுவது நம்மூர்களில் சகஜம். யாருக்காவது பயன்படும்.

முதலில் மரம். எங்கள் மேசை ரப்பர் மரம். நாற்பது வயதைத் தாண்டிய எங்களில் பலருக்கு அந்த மரத்தோடு இருக்கும் உறவைச் சொல்லத் தேவையில்லை. அப்பாவும் அம்மாவும் விடிகாலையில் பால் வெட்டப்போன மரம் அது. பால் குறைந்து இருபத்தைந்து முப்பது வயதான மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் சாய்த்த மரம் விறகாகத்தான் போனது. அறுத்து ஈரமாகவே வைத்தால் சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், வண்டும் ஏறிவிடும். அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம் என்பதுதான் காரணம். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றி, சூளையில் காயவைக்கும் முறை பரவியபின்தான் 1980களிலிருந்து அது பெரிய தளவாடத் தொழிலின் மரமானது. மூவாரிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த மரம்தான். இன்று எங்கள் ஊரைச் சுற்றி ரப்பரைவிடச் செம்பனைதான் அதிகம் கண்ணில் படுகிறது. ரப்பர் மரம் எங்கள் வீடுகளில் மேசையாகவும் அலமாரியாகவும் நிற்கிறது.

“மரமேசை” என்று மட்டும் எழுதினால் போதாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கால்கள் நல்ல கட்டை மரமாகவும், மேற்பலகை மட்டும் அழுத்திய மரத்தூள் பலகைமேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியதாகவும் இருக்கும் மேசைகள் நிறைய. மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குனிந்து அடியில் பார்க்க வேண்டும். எங்கள் மேசையின் அடிப்பக்கத்தில் சாயம் பூசவில்லை, வெளிர்மஞ்சளாக வெறும் மரமாகவே இருக்கிறது. விரலகலத்துக்குப் பலகைத்துண்டுகள் பக்கம் பக்கமாக ஒட்டியிருப்பதும், நீளவாக்கில் துண்டுக்குத் துண்டு பல் கோத்தாற்போல் இணைந்திருப்பதும் தெளிவாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் மரத்தின் நார்த்துளைகள் சின்னச்சின்னப் பழுப்புக் கோடுகளாக இருக்கும். பல் கோத்த அந்த இணைப்பை வெடிப்பு என்று நினைத்துப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. அது வெடிப்பு இல்லை. ரப்பர் மரத்தில் நீளமான பலகை கிடைப்பது அரிது, அதனால் தொழிற்சாலையே துண்டுகளை அப்படித்தான் இணைக்கும். விற்கிறவர் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே வராது. மேற்பலகை திட மரமா ஒட்டா என்ற சந்தேகமும் அந்த ஒரே படத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது அளவு. நம்மூரில் மேசையை “ஐந்தடிக்கு மூன்றடி” என்று சொல்லிப் பழக்கம். எங்கள் மேசையையும் கடையில் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். நாடா பிடித்துப் பார்த்தால் 150 சென்டிமீட்டருக்கு 90. உண்மையான ஐந்தடி 152.4 சென்டிமீட்டர், மூன்றடி 91.4. இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சுவருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் மேசையைச் செருகப் போகிறவருக்கு அதுதான் விஷயம். அதனால் அடிக்கணக்கைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு சென்டிமீட்டரை எழுத வேண்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் எல்லாரும் எழுதுவார்கள். வாங்குகிறவருக்கு நிஜமாகத் தேவைப்படுவது வேறு இரண்டு அளவு. ஒன்று, கால்களுக்கு இடையே உள்ள இடைவெளி. எங்கள் மேசையின் கால் ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் சதுரம், விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. அப்படியென்றால் நீளப்பக்கத்தில் இரண்டு கால்களுக்கு நடுவே 130 சென்டிமீட்டர், அகலப்பக்கத்தில் 70. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 60 சென்டிமீட்டர் வேண்டும். ஆக, நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், தலைப்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒருவர், மொத்தம் ஆறு பேர். நீளப்பக்கத்தில் மூன்று நாற்காலி போடலாம் என்று சிலர் நம்பி வாங்குவார்கள். உள்ளே தள்ளும்போது மூன்றாவது நாற்காலி மேசைக்காலில் முட்டும்.

இன்னொன்று, தரையிலிருந்து மேற்பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்தின் அடிவரை உள்ள உயரம். மேசையின் உயரம் 75 என்றால் தொடைக்கு 75 கிடைக்காது. பலகையும் சட்டமும் போக எங்கள் மேசையில் மிஞ்சுவது 63. சாதாரண நாற்காலியின் இருக்கை 45 உயரத்தில் இருக்கும், அதற்கு இது தாராளம். கைப்பிடி உள்ள நாற்காலியென்றால் பெரும்பாலும் கைப்பிடி சட்டத்தில் முட்டி வெளியிலேயே நிற்கும். சக்கர நாற்காலிக்கும் இதே கதைதான். அம்மாவின் சக்கர நாற்காலிக் கைப்பிடி உள்ளே போகாததும் இந்த மேசையை அனுப்பிவிட முடிவு செய்ததற்கு ஒரு காரணம். வீட்டில் வயதானவர் இருக்கிறவர்கள் இந்த 63 என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலகையின் கனத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. விளிம்பில் பார்த்தால் எங்கள் மேசை ஒன்றரை அங்குலக் கனமாகத் தெரியும். விளிம்பில் மட்டும் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் பலகை 18 மில்லிமீட்டர்தான். இது குறை இல்லை, பெரும்பாலான மேசைகள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் “ஒன்றரை அங்குலப் பலகை” என்று எழுதினால் பொய். எடையும் இதை வைத்துத்தான் தெரியும். காய்ந்த ரப்பர் மரம் கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ. பலகை, விளிம்புப்பட்டை, சட்டம், நாலு கால் எல்லாவற்றையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 கிலோ வருகிறது. இரண்டு பேர் தூக்கலாம். ஒருவர் மட்டும் வந்தால் இழுக்கத்தான் வேண்டியிருக்கும், இழுத்தால் கால் போய்விடும். இதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி குறைகள். இந்தப் பகுதியைத்தான் நான் அதிக நேரம் எடுத்து எழுதினேன். குறையை எழுதினால் விலை போகாது என்று அண்ணி பயந்தார். என் எண்ணம் வேறு. ஈப்போவிலிருந்து 30 கிலோமீட்டர் லோரியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் வாசலில் நின்று குறையைக் கண்டுபிடித்தால், அந்த இடத்திலேயே பாதி விலைக்குக் கேட்பார், அல்லது திரும்பிப் போவார். படத்தில் பார்த்து, படித்து, “பரவாயில்லை” என்று முடிவுசெய்து வருகிறவர் வீட்டில் வந்து சண்டை போட மாட்டார்.

மேற்பரப்பில் இரண்டு விதமான கறை இருந்தது. ஒன்று வெள்ளை வளையம், சூடான பாத்திரம் வைத்த தடம். பளபளப்புப் பூச்சுக்குள் ஈரம் மாட்டிக்கொள்வதால் வருவது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பூச்சோடு நின்றுவிட்டது. கறுப்பு வளையம் என்றால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சும்மா துடைத்தால் அது போகாது. எங்களிடம் இருந்தவை வெள்ளை, ஆகவே “வெள்ளை வளையம் இரண்டு, கறுப்பு இல்லை” என்று எழுதினேன். மற்ற கறை கொஞ்சம் விசித்திரமானது. வருஷக்கணக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தபோது, ஒரு தலைப்பக்கத்தில் விரிப்பின் பூ அப்படியே பலகையில் அச்சாகியிருந்தது. தொட்டால் விரல் லேசாக ஒட்டியது. பிளாஸ்டிக்கை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பூச்சை இளக்கிவிடும். துடைத்தால் போகாது, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பூச்சு அடிக்க வேண்டும். மேசையைப் பாதுகாக்கத்தான் விரிப்பு போடுகிறோம், அதுவே பூச்சைக் கெடுக்கிறது. துணி விரிப்பை அடியில் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் போட்டால் இது வராது.

அதே தலைப்பக்கத்தில் பலகைத்துண்டுகள் இணையும் கோடு ஒன்று விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் சமையலறை ஜன்னலுக்கு அருகில், பிற்பகல் வெயில் விழும் இடம். பலகையின் முனைப்பக்கம் மற்ற இடத்தைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும், விடும். வருஷக்கணக்கில் அப்படி விரிந்து சுருங்கிப் பசை விட்டிருக்கிறது. எவ்வளவு மோசம் என்று சொல்ல “சின்ன விரிசல்” என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், போனது. பெயர் அட்டை போகவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு மேலே கைவிளக்கை வைத்து அடியில் பார்த்தேன், வெளிச்சம் தெரியவில்லை, அதாவது அடிவரை திறக்கவில்லை. இந்த இரண்டையும் அப்படியே எழுதினேன். பக்கத்தில் 20 சென் காசை வைத்துப் படம் எடுத்தேன். அந்தக் காசு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். எல்லார் கையிலும் இருக்கும் காசு என்பதால் அளவு சட்டென்று புரியும்.

கால்களின் அடி நம் வீடுகளுக்கே உரிய குறை. நாம் சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். மேசைக்கால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரில் நிற்கும். அடிமுனையில் பூச்சு இருக்காது, நேராக உறிஞ்சும். ரப்பர் மரத்தில் ஏற்றிய போரான் மருந்தும் தண்ணீரில் கரைந்து மெல்ல வெளியேறிவிடக் கூடியது. அதனால் கீழிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு இரண்டு கால்கள் கறுத்திருந்தன. கறுப்பு மட்டுமா, மெத்துமெத்தென்று உளுத்துவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினேன். பள்ளம் விழவில்லை, மரம் கெட்டியாகவே இருந்தது. முனை உள்ளே இறங்கினால் அந்தக் காலை அறுத்துக் குறைக்க வேண்டும், நாலு காலையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும், மேசை தாழ்ந்துபோகும். பழைய மேசை வாங்கப் போகிறவர்கள் மேற்பலகையைத் தடவிப் பார்ப்பதற்கு முன் குனிந்து இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். மேசை ஆடினால் குறை மேசையிலா தரையிலா என்று முதலில் தெரிய வேண்டும். மேசையை அதே இடத்தில் பாதி சுற்றுத் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். ஆட்டம் அறையின் அதே மூலையில் நின்றால் தரை, காலோடு நகர்ந்தால் மேசை. எங்களுடையது காலோடு நகர்ந்தது. அடியில் ஒவ்வொரு மூலையிலும் ஓர் இரும்புத் தகடு, அதன் வழியாகக் காலுக்குள் இறங்கும் போல்ட், அதன்மேல் நட்டு. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் மேசைகளில் இது பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டாக இருக்கும், 13 ஸ்பானர் பொருந்தும். மூன்று காலில் நட்டு இறுகியது. நாலாவதில் நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. மரத்துக்குள் போல்ட் பிடித்திருந்த பள்ளம் தேய்ந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். மேசையைத் தூக்காமல் தரையில் இழுத்தால் இப்படித்தான் ஆகும். துளையைப் பெரிதாக்கி, உறுதியான மரக்குச்சியைப் பசை வைத்து அடைத்து, காய்ந்தபின் புதுத்துளை போட்டு போல்ட்டை இறக்கினால் சரியாகிவிடும். ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. செய்துவிட்டுக் கூடுதல் விலை கேட்பதைவிட, இருப்பதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

இல்லாத குறை ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது. ரப்பர் மரம் என்றதும் எல்லாரும் கேட்பது பூபுக் வண்டைப் பற்றி. குண்டூசித் தலை அளவுக்குத் துளை, அதன் கீழே மாவுபோல் மெல்லிய தூள், இதுதான் அதன் அடையாளம். கொட்டியிருப்பது தூளாக இல்லாமல் கடுகைவிடச் சின்ன மணிமணியாக இருந்தால் அது உலர்மரக் கரையான். துளை இருப்பதாலேயே வண்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது, பழைய துளையாகவும் இருக்கலாம். மேசைக்குக் கீழே கறுப்பு அட்டையை விரித்து ஒரு வாரம் அப்படியே விட்டேன். தூள் விழவில்லை, துளையும் இல்லை. ஒரு வாரம் ஒன்றும் விழாததால் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் தர முடியாது, அதனால் “இன்றைக்கு அறிகுறி இல்லை” என்றுதான் எழுதினேன்.

விலை வைப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே அளவில் புதுமேசை என்ன விலை என்று ஊர்க்கடைகளில் விசாரித்தேன், பாதிக்கும் கீழே இறங்கினேன், ஆசாரிக் கூலியைக் கழித்தேன், 180 வெள்ளியில் நின்றேன். விளம்பரம் கடைசியில் இப்படி அமைந்தது:

“சாப்பாட்டு மேசை மட்டும், நாற்காலிகள் இல்லை. ரப்பர் மரம், மேற்பலகையும் திட மரம், அடர்பழுப்புச் சாயம். நீளம் 150, அகலம் 90, உயரம் 75 சென்டிமீட்டர். கால்களுக்கு இடையே நீளப்பக்கம் 130, அகலப்பக்கம் 70. தரையிலிருந்து சட்டம்வரை 63. எடை சுமார் 30 கிலோ. கால் கழற்றலாம், கழற்றினால் பலகை 12 சென்டிமீட்டர் கனம். குறைகள்: வெள்ளை வளையம் இரண்டு, ஒரு தலைப்பக்கம் பூச்சு இளகி விரிப்பின் அச்சு, அதே பக்கம் இணைப்பு ஒரு சாண் திறப்பு, அடிவரை போகவில்லை, இரண்டு கால் அடியில் கறுப்பு, மரம் கெட்டி, ஒரு கால் ஆடும், போல்ட் துளை அடைத்துப் போட வேண்டும். வண்டு, கரையான் அறிகுறி இன்றைக்கு இல்லை. விலை 180 வெள்ளி. நேரில் வந்து பார்த்து எடுக்க வேண்டும், சனி ஞாயிறு காலை 9 முதல் 12வரை. இரண்டு பேர், லோரி அல்லது வேன், கயிறு, கான்வாஸ் கொண்டுவரவும். ஸ்பானர் எங்களிடம் உண்டு. பணம் மேசையைப் பார்த்தபின். முன்பணம் வேண்டாம். முதலில் வருகிறவருக்கு.”

படங்கள் ஏழு. முழு மேசை நேராக ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, குறைக்கு ஒன்றாக ஐந்து. விரிப்பு, பழத்தட்டு எதுவும் வைக்கவில்லை. காலை வெளிச்சத்தில், விளக்கு போடாமல் எடுத்தேன். டியூப்லைட்டில் எடுத்தால் வெள்ளை வளையம் மறைந்துபோகும், வந்து பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இதையே மலாயிலும் எழுதிப் போட்டேன். தாளில் அச்சடித்து மளிகைக்கடைப் பலகையிலும் ஒட்டினேன். கைப்பேசியில் தேடாத பெரியவர்கள் அங்கேதான் பார்க்கிறார்கள்.

வந்த செய்திகளில் ஒன்று என்னை எச்சரிக்கையாக்கியது. தான் கோலாலம்பூரில் இருப்பதாகவும், மேசையைப் பார்க்க வேண்டியதில்லை, முழுப்பணமும் இப்போதே போடுவதாகவும், லோரிக்காரர் வந்து எடுத்துக்கொள்வார், நான் ஓர் இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் நிரப்பினால் போதும் என்றும் ஒருவர் எழுதினார். 180 வெள்ளி மேசையைப் பார்க்காமல் வாங்கி, அதைவிடக் கூடுதலாக லோரிக்குக் கொடுக்கிறவர் யாரும் இல்லை. அந்த இணைப்பைத் தொடவில்லை, எண்ணைத் தடுத்துவிட்டேன். பணம் வாங்க நம் பக்கத்திலிருந்து எந்த இணைப்பையும் திறக்கத் தேவையில்லை. நேரில் வருகிறவர் டியூட்நவ் வழியாக அனுப்பினாலும், அவர் காட்டும் ரசீதுப் படத்தைப் பார்க்காமல் என் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்தபின்தான் மேசை வாசலைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நிஜமாக வாங்கியவர்கள் லிந்தாங் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் அனுப்பிய முதல் செய்தியே எனக்குப் பிடித்தது. “அக்கா, எங்க வீட்டுப் பின்கதவு 78தான் இருக்கு, முன்வாசல்ல சோபா அடைச்சிருக்கு. மேசை போகுமா?” விளம்பரத்தின் எண்களைப் படித்துவிட்டுத் தன் கதவை அளந்திருக்கிறாள்.

சேர்ந்து கணக்குப் போட்டோம். கால்களோடு மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினால் கதவுக்குள் நுழைய வேண்டிய அகலம் மேசையின் உயரமான 75. 78இல் 75 போகும்தான், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று சென்டிமீட்டர் மிச்சம். பிடித்திருக்கும் கை உரசும், நிலைக்கதவில் பூச்சு போகும். காலைக் கழற்றிவிட்டால் 12 சென்டிமீட்டர் கனமான பலகையை நிமிர்த்திப் பிடித்து நிம்மதியாக நடந்துபோகலாம். எப்படியும் ஒரு காலைச் சரிசெய்யக் கழற்றத்தான் வேண்டும்.

“சரிக்கா, உள்ள வந்துடுச்சுன்னு வையுங்க, போட இடம் பத்துமா? சமையலறை அகலம் 2 மீட்டர் 30.”

மேசை 90, இரு பக்கமும் நாற்காலியை இழுத்து எழுந்திரிக்க 75, 75. மொத்தம் 240. பத்து சென்டிமீட்டர் போதவில்லை. சுவரோடு ஒட்டிப் போட்டால் 165 போதும், ஆனால் ஒரு நீளப்பக்கம் அடைபட்டு நாலு பேர்தான் உட்கார முடியும். அவர்கள் வீட்டில் ஐந்து பேர். அதையும் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்துப் பதில் வந்தது. மாமியார் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால்தான் சாப்பிடுவார், விருந்தாளி வந்தால் மேசையை இழுத்துப் போட்டுக்கொள்கிறோம், ஞாயிறு காலை வருகிறோம் என்று.

முழு முகவரியை அன்று காலைதான் அனுப்பினேன், அதுவரைக்கும் கோயிலுக்குப் பின்வரிசை என்று மட்டும் சொல்லியிருந்தேன். காலை நேரம் வைத்ததற்கு மழைதான் காரணம். அந்த மாதங்களில் பேராவில் மதியம் தாண்டினால் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. திறந்த லோரியில் நனைந்த பலகையின் திறந்த இணைப்பு இன்னும் கொஞ்சம் பிளக்கும்.

அவர்கள் அவளுடைய அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன லோரியில் வந்தார்கள். பெரியவர் பேசாமல் குனிந்து, நான் படத்தில் காட்டிய ஒவ்வொரு குறையையும் தேடிப் பார்த்தார். ஆடும் காலைப் பிடித்து அசைத்துவிட்டு, “எழுதின மாதிரியே இருக்கும்மா” என்றார். விலை பேசவில்லை.

கழற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேசையை நிற்கவைத்தே நட்டைத் திருகினால் கடைசிக் காலில் மொத்தப் பாரமும் சாயும். தரையில் பழைய போர்வையை விரித்து, இருவர் சேர்ந்து தூக்கி மேற்பலகை கீழே வரும்படி கவிழ்த்தோம். ஒவ்வொரு காலிலும் மூலைச்சட்டத்திலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதினோம். ஒரே தொழிற்சாலைக் கால்களானாலும் போல்ட் துளைகள் இம்மி பிசகி இருக்கும், இடம் மாறினால் சரியாக உட்காராது. நட்டுகளையும் வாஷர்களையும் ஒரு பையில் போட்டுச் சட்டத்தின் உள்பக்கமே ஒட்டினோம். தனியாகக் கையில் கொடுத்தால் லோரி இருக்கையின் கீழே போய்விடும்.

பலகையைப் படுக்கவைத்து ஏற்ற மாப்பிள்ளை தயாரானார். பெரியவர் தடுத்தார். படுத்த பலகை குழிவிழுந்த சாலையில் நடுவில் அதிர்ந்துகொண்டே போகும், மேலே வேறு சாமானும் ஏறிவிடும். லோரியின் முன்தடுப்போடு சாய்த்து, நீள விளிம்பு கீழே இருக்கும்படி அட்டைமேல் நிறுத்தினோம். கயிறு விழும் விளிம்புகளில் மடித்த அட்டை வைத்தோம். வெறுங்கயிறு இறுகினால் பூச்சில் பள்ளம் விழுந்துவிடும். மேலே கான்வாஸ். என் கணக்கில் 180 ஏறியதைப் பார்த்துக்கொண்டேன், ஸ்பானரையும் அவர்களிடமே கொடுத்தனுப்பினேன், மறுபடி பொருத்த வேண்டுமே.

லோரி திரும்பியதும் குழுவில் “விற்றாயிற்று” என்று போட்டேன், கடைப்பலகைத் தாளையும் கிழித்தேன். வரிசையில் காத்திருந்த இன்னும் இரண்டு பேருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன், அவர்களில் ஒருவர் ஈப்போவிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தார். மாலையில் அந்தப் பெண் எழுதினாள்: கதவில் உரசாமல் உள்ளே போய்விட்டதாம், நாலாவது காலுக்கு அவள் அப்பா மறுநாள் மரக்குச்சி அடைக்கப் போகிறாராம். பசை காயும்வரைக்கும் மேசையைப் பொருத்த வேண்டாம், ஒரு நாள் முழுக்க விடுங்கள் என்று பதில் போட்டேன்.